9 வயதுக்கு உட்பட்டோர் என்றால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் உள்ள ஒரு மன்றம் போன மாதம் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் செஸ் போட்டி நடத்தியது. அதற்கான அறிவிப்பு முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தில் முக்கால்வாசி இடம் சிறப்பு விருந்தினர்களுக்கு. மிச்சம் இருந்த கால்வாசியில் இவ்வளவுதான்: "பிரிவுகள்: 9, 11, 13, 15 வயதுக்கு உட்பட்டோர் (ஆண், பெண் தனித்தனி) மற்றும் பொது. நுழைவுக் கட்டணம் ரூ.300. ஆறு சுற்றுகள். ஃபிடே விதிகள் பின்பற்றப்படும். முன்பதிவுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை." போட்டி மறுநாள் ஞாயிறு காலை.

பார்த்தால் எல்லாம் இருப்பது போலத்தான் தெரிகிறது. சிக்கல் பெயர் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

என் மகள் 2017 பிப்ரவரியில் பிறந்தவள். "9 முடிஞ்சிருச்சே சார், அப்போ 11-ல தான் போடணும்" என்றார் பதிவு செய்தவர். சரி என்று கட்டிவிட்டு வந்தேன். அவளுடைய வகுப்பிலேயே படிக்கும் பையன், அவளைவிட இரண்டு மாதம் சின்னவன், அவனுக்கும் 9 முடிந்துவிட்டது. அவன் 9 வயதுப் பிரிவில் ஆடிக் கோப்பை வாங்கினான். பையன் மேலோ அவன் அப்பா மேலோ தவறே இல்லை. அவர் செய்ததுதான் சரி. செஸ்ஸில் வயதைப் போட்டி நடக்கும் நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை, அந்த ஆண்டின் ஜனவரி 1-ஐ வைத்துத்தான் பார்ப்பது வழக்கம். 2026-இல் நடக்கும் போட்டியில் 9 வயதுப் பிரிவு என்றால் 1.1.2017 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்டு முழுக்க அதில் ஆடலாம். 11 என்றால் 1.1.2015. நடக்கும் ஆண்டிலிருந்து 9-ஐயோ 11-ஐயோ கழித்தால் வருகிற ஆண்டு, அவ்வளவுதான். தெரிந்த அப்பா ஒரு பிரிவிலும் தெரியாத அப்பா இன்னொரு பிரிவிலும் பிள்ளையைச் சேர்த்ததற்குக் காரணம், அறிவிப்பில் பிறந்த தேதி இல்லாமல் வயது மட்டும் இருந்தது. பதிவுப் படிவத்திலும் பிறந்த தேதிக்குக் கட்டமே இல்லை.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 9 வயதுப் பெண்கள் பிரிவில் வந்தது ஐந்தே பேர். அறிவிப்பிலோ ஆறு சுற்று. இது போன்ற போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். யாரும் வெளியேற மாட்டார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளி உள்ளவர்களை மோதவிடுவார்கள், ஒருமுறை மோதிய இருவரை மறுபடி மோதவிட மாட்டார்கள். ஐந்து பேர் இருந்தால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் எதிராளிகள் நாலே பேர். ஆறு சுற்றுக்கு ஆள் எங்கே? காலை பத்து மணிக்கு மேல்தான் இது மேடையில் இருந்தவர்களுக்கு உறைத்தது. கடைசியில் அந்த ஐந்து பேரையும் பையன்களோடு சேர்த்து ஆடவிட்டு, பரிசை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள்.

அப்படிச் செய்வது தப்பில்லை. எல்லாரும் ஒன்றாக ஆடி, பிரிவு வாரியாகப் பரிசு தருவது நிறைய இடங்களில் நடப்பதுதான். ஆனால் "தனித்தனிப் பிரிவு" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது: ஆட்டமே தனியா, பரிசு மட்டும் தனியா? பணம் கட்டுகிற பெற்றோருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். முதல் தடவை ஆட வரும் ஏழு வயதுக் குழந்தை, பயிற்சி வகுப்புக்குப் போகும் பெரிய பையன்களோடு உட்காருமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இதற்கெல்லாம் வேர் கடைசித் தேதியில் இருக்கிறது என்பது என் எண்ணம். சனிக்கிழமை கடைசி நாள் என்று போட்டார்கள், ஞாயிறு காலை வந்தவர்களிடமும் ரூ.50 கூடுதலாக வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள். சுவிஸ் முறையில் முதல் சுற்றுக்கு ஆட்களை வரிசைப்படுத்தி, பட்டியலைப் பாதியாக மடித்த மாதிரி ஜோடி சேர்ப்பார்கள். 40 பேர் என்றால் முதல் ஆள் 21-ஆம் ஆளோடு, இரண்டாம் ஆள் 22-ஆம் ஆளோடு. கடைசி நேரத்தில் மூன்று பேர் கூடினால் பட்டியலும் மாறும், ஜோடிகளும் மாறும், எண்ணிக்கை ஒற்றைப்படையாகி ஒரு குழந்தை ஆடாமலே ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு சும்மா உட்காரும். அன்று ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, கிழித்து, மறுபடி ஒட்டினார்கள். 9.30-க்குத் தொடங்க வேண்டிய முதல் சுற்று தொடங்கும்போது மணி 11. ஞாயிறு போட்டிக்கு வியாழன் மாலையோடு பதிவை மூடிவிட்டால், வெள்ளிக்கிழமை பட்டியலை வெளியிட்டு, பெயர்ப் பிழை, பிரிவுப் பிழை எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் சரிசெய்யலாம். எந்தப் பிரிவில் ஆள் குறைவு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஐந்து பேர்தானா, எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும் என்று முடிவெடுக்க இரண்டு நாள் கிடைக்கும்.

"ஃபிடே விதிகள்", அதாவது உலக செஸ் கூட்டமைப்பின் விதிகள், என்ற ஒற்றை வரியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று ஒரு சின்னப் பையன் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் குதிரையை நகர்த்திவிட்டு கிளாக்கை அழுத்தினான். நடுவர் உடனே "நீ தோத்துட்ட" என்று சொல்லிவிட்டார். ரேபிட் எனப்படும் இது போன்ற குறைந்த நேர ஆட்டத்தில் முதல் தவறான நகர்த்தலிலேயே தோல்வி என்பது பழைய விதி, மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நகர்த்தலைத் திருத்தச் சொல்லி, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். அதே ஆள் அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை செய்தால்தான் பொதுவாகத் தோல்வி. மன்றம் தனக்கென்று கடுமையான விதி வைத்துக்கொள்வதாக இருந்தால் அதையும் அறிவிப்பில் போட்டுவிடலாம். வீட்டிலிருந்தே பிள்ளை தயாராக வருவான்.

குறை மட்டும் சொன்னால் போதாது என்று, அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாதிரி வாசகத்தை மன்றத்தாரிடம் எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் பயன்படலாம்:

"9 வயதுப் பிரிவு: 1.1.2017 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள். 11: 1.1.2015. 13: 1.1.2013. 15: 1.1.2011. பிறப்புச் சான்றிதழ் நகல் அவசியம். ஒரு பிரிவில் எட்டுப் பேருக்குக் குறைந்தால் அடுத்த பிரிவோடு சேர்ந்து ஆடுவர், பரிசு தனி. ஆளுக்கு 10 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல். போர்டு நாங்கள் தருவோம், கிளாக் இருப்பவர்கள் கொண்டு வரவும். தொட்ட காயை நகர்த்த வேண்டும். முதல் தவறான நகர்த்தலுக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம், இரண்டாவதற்குத் தோல்வி. புள்ளிகள் சமமானால் இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவு, பிறகு எதிராளிகளின் மொத்தப் புள்ளி. கட்டணம் ரூ.300, வியாழன் மாலை 6 மணி வரை. அதன் பிறகும் போட்டி நாளன்றும் பதிவு இல்லை. வியாழனுக்குள் விலகினால் பணம் திரும்பத் தரப்படும்."

வாங்கிப் படித்த செயலாளர், "இவ்வளவையும் போட்டா போட்டோவுக்கு இடம் இருக்காதே சார்" என்றார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் போட்டியைப் பற்றி உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. அதில் இரண்டு வரி பரிசு வழங்கப்போகிறவர்களின் பெயர்கள். இடம் போதாமல் வெட்ட வேண்டி வந்தால் அந்தப் பெயர்களை வெட்டிவிட்டு, பிறந்த தேதி வரியையும் கடைசித் தேதியையும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கிழக்குத் தாம்பரம்.