ஆச்சி விமானத்தைத் தவறவிடவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பத்து நாட்களாகச் சுற்றிவரும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தனியாக விமானம் ஏறும் பெரியவர்களுக்காக நமது கடை எடுத்த காணொளியை நம்பிப் போன ஓர் ஆச்சி, விமானத்தைக் கோட்டைவிட்டார் என்கிறது பதிவு. கோட்டைவிடவில்லை. ஆச்சி சிங்கப்பூரில் மகன் வீட்டில் நலமாக இருக்கிறார். கொண்டுபோன மாவுருண்டை மறுநாளே தீர்ந்துவிட்டதாக மகனே போனில் சொன்னார். ஆனால் மயிரிழையில்தான் ஏறினார் என்பது உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் செக்-இன் செய்து நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த போர்டிங் பாஸில் கேட் எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அது வழக்கம்தான், முன்கூட்டியே அச்சிடும்போது பெரும்பாலும் கேட் முடிவாகியிருக்காது. பெட்டியைப் போடக் கவுண்டருக்குப் போனபோது வேறு பாஸ் கொடுத்து, அதில் 4 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்கள். குடிநுழைவையும் பாதுகாப்புச் சோதனையையும் ஆச்சி ஒருவர் துணையும் இல்லாமல் முடித்தார். பிறகு 4-ஆம் வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் காணொளியில் சொன்னபடிதான் செய்தார்: “பாஸில் உள்ள கேட்டுக்குப் போய் உட்காருங்கள், கூப்பிடுவார்கள்.”

யாரும் கூப்பிடவில்லை. விமானம் 7-ஆம் வாசலுக்கு மாறியிருந்தது. அறிவிப்புகளைக் குறைத்துத் திரையில் மட்டும் காட்டும் விமான நிலையங்கள் இப்போது பல. எதிர் நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனதை ஆச்சி பார்த்திருக்கிறார்; காபி குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அவர் பாஸைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனது. அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

நாங்கள் தவறான எண்ணைச் சொல்லி அனுப்பினோம் என்று பதிவில் ஒரு வரி வருகிறது. அதுதான் தைக்கிறது. எண்ணை எழுதியவர்கள் நாங்கள் இல்லை. எழுதியவர்களும் தவறாக எழுதவில்லை. எழுதிய நேரத்தில் அதுவே சரியான எண். இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் போடுகிறவன் நான். கேட் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் காணொளியில் சொல்லாமல் விட்டேன். பெரியவர்களைப் பயமுறுத்தவேண்டாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்குத்தான் தப்பு. காசுக்காகச் செய்தோம் என்பதும் சரியில்லை; அந்தக் காணொளிக்கு யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

அந்தப் பகுதியை மாற்றிவிட்டோம். இப்போது ஆச்சிகளுக்கும் ஐயாக்களுக்கும் நாங்கள் சொல்வது இது. கேட் எண்ணை மனப்பாடம் செய்யவேண்டாம். விமான எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட் மாறலாம், விமான எண் அப்படி மாறாது. இரண்டெழுத்துக் குறியும் அதன்பின் எண்ணுமாகப் பாஸில் இருக்கும். அதைப் பெரிதாக எழுதிய அட்டை ஒன்றை டிக்கெட்டோடு தருகிறோம். ஆங்கிலம் படிக்கத் தெரியவேண்டியதில்லை. பஸ் நிலையத்தில் தடம் எண்ணைப் பார்ப்பதுபோல, அட்டையில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்தால் போதும். சில நேரம் ஒரே விமானத்துக்கு இரண்டு நிறுவனங்களின் எண்கள் மாறி மாறி வரும். நம் எண் உடனே தெரியாவிட்டால் சற்று நின்று பார்க்கவேண்டும். உட்கார்ந்தபிறகும் கால்மணிக்கு ஒருமுறை வாசலுக்கு மேலே உள்ள பலகையைப் பார்க்கவேண்டும். அங்கே வேறு விமான எண் தெரிந்தால் எழுந்து சீருடைக்காரரிடம் பாஸை நீட்டவேண்டும், அவ்வளவே.

இன்னொன்று, நேரம். புறப்படும் நேரம் வரை கதவு திறந்திருக்காது. பொதுவாக 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே அட்டையில் போர்டிங் நேரத்தை மட்டும் சிவப்பில் எழுதுகிறோம். புறப்படும் நேரத்தை எழுதுவதே இல்லை.

காணொளியில் சோதனைப் பகுதியைப் படமாகக் காட்டாமல் கோட்டோவியமாகப் போட்டது கஞ்சத்தனம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அங்கே கேமராவை எடுக்க விடமாட்டார்கள். திருச்சிக் காட்சிகள் 2024 ஜூனில் புதிய முனையம் இயங்கத் தொடங்குவதற்கு முன் எடுத்தவை, அவற்றையும் மாற்றவேண்டியிருக்கிறது.

தனியாகப் பயணம் போகிறவர்களுக்குப் போனில் கூடவே இருந்து வழிசொன்ன எங்கள் கடைப் பெண், திருமணமாகி மதுரைக்குப் போய்விட்டார். வேறு ஆள் வரும்வரை இரவு 9 மணிக்குமேல் போன் துணைக்கு 200 ரூபாய்.

பதிவைக் கேட்டதும் திட்டாமல், “என்ன நடந்தது?” என்று கடைக்கே வந்து கேட்ட அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பெற்றோருக்கு அட்டை வேண்டுமென்றால், டிக்கெட் எங்கே எடுத்திருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிக்கெட் கடைக்காரன்
காரைக்குடி