நெல்லை சோலார் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு மடல்

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, டவுன் பக்கம் மொட்டைமாடியில் சோலார் போட்டுக்கொடுக்கும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

உங்களைப் போன்றவர்களின் கடைகளுக்காக, விளம்பரம் பார்த்து விசாரிப்பவர்களிடம் போனில் பேசுவது என் வேலை. "வர்ற லீடெல்லாம் வேஸ்ட்டும்மா" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். பாதி வேஸ்ட்தான், மறுக்கவில்லை. மீதியை நாமே ஆறவிடுகிறோம்.

மக்கள் பேஸ்புக் பாரத்தை நிரப்புவது பெரும்பாலும் ராத்திரியில், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை கடை திறந்து, யாராவது அந்தப் பெயர்கள் இருக்கும் ஃபைலை இறக்கி, மேலிருந்து கீழே வரிசையாகக் கூப்பிடச் சொல்கிறீர்கள். நல்ல ஆளுக்குப் போன் போகும்போது மத்தியானம் ஆகிவிடுகிறது. "இப்பத்தான் ஒருத்தர் வந்து மாடியை அளந்துட்டுப் போனாரு" என்பார்.

2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு ஆய்வு வந்தது. இணையத்தில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்ட நிறுவனங்களுக்கு, முடிவெடுக்கும் ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு, அதற்கடுத்த ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு. அது அமெரிக்கக் கணக்கு. நம்மூருக்கு 7 என்பது 3 ஆகலாம், 10 ஆகலாம். ஆனால் போனைக் கையில் வைத்திருக்கும்போதே பேசினால் பேச்சு நீளும் என்பது நான் தினமும் பார்ப்பது.

எல்லாரையும் ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்க முடியாது. அதனால் பாரத்தில் நாலு கேள்வி சேருங்கள்: சொந்த வீடா, இரண்டு மாத ஈபி பில் எவ்வளவு, மாடி உங்களுடையதா, எப்போது போட உத்தேசம். சொந்த வீட்டுக்கு 3 மதிப்பெண். பில் 5,000க்கு மேல் என்றால் 3, 2,500க்கு மேல் என்றால் 2. மாடிக்கு 2, இந்த மாதமே என்றால் 2. மொத்தம் 10. நாலு பதிலும் இதே வரிசையில் B முதல் E வரை இருந்தால், ஷீட்டில் ஒரு வரி போதும்:

```
=IF(B2="சொந்தம்",3,0)+IF(C2>5000,3,IF(C2>2500,2,0))+IF(D2="ஆம்",2,0)+IF(E2="இந்த மாதம்",2,0)
```

பில்லுக்கு ஏன் இவ்வளவு? 3 கிலோவாட் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். 600 ரூபாய் பில் கட்டுபவருக்குக் கொஞ்சம் யூனிட் ஏற்கனவே இலவசம். 78,000 ரூபாய் மானியம் கிடைத்தாலும் போட்ட காசு திரும்ப வருஷக்கணக்காகும். அவர் மானியத்தைப் பற்றி அரை மணி நேரம் இனிக்க இனிக்கப் பேசுவார், வாங்கமாட்டார்.

ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். மணி 10. ஷீட்டில் முதல் ஆள் தச்சநல்லூர், சனிக்கிழமை எழுதியது, வாடகை வீடு, பில் 1,200, சும்மா விவரம் கேட்டவர்: 0. அடுத்தது பெருமாள்புரம், ஞாயிறு இரவு 9, சொந்த வீடு, மாடி உண்டு, பில் 7,400, இந்த மாதமே: 10. கடைசியில் கே.டி.சி. நகர், 9.50க்கு வந்தது, சொந்த வீடு, மாடி உண்டு, பில் 3,000, அவசரமில்லை: 7. நான் முதலில் கூப்பிடுவது கே.டி.சி. நகரை. எழுதிப் பத்து நிமிஷம்தான் ஆகிறது. உடனே பெருமாள்புரம். தச்சநல்லூருக்குச் சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப். 6க்கு மேல் மதிப்பெண் வாங்கி, எழுதி ஒரு மணி நேரம் ஆகாதவர் முதலில், பிறகு மதிப்பெண்படி, அவ்வளவுதான் விதி.

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் இன்னொன்று உண்டு. பாரம் நிரப்புவது துபாயில் இருக்கும் மகன், வீட்டில் இருப்பது வாப்பா. எண் +971இல் தொடங்கினால் தள்ளிவிடாதீர்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வாட்ஸ்அப்பில் மகனிடம் பேசி, வீட்டு எண்ணையும் வாங்கிக்கொண்டால் போதும். கனெக்‌ஷன் யார் பெயரில் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றமே முதல் வேலை.

மதிப்பெண் சரியா என்பதை மூன்று மாதம் கழித்து விற்பனையோடு ஒப்பிட்டால் தெரியும். 8 மதிப்பெண்காரர்களும் 4 மதிப்பெண்காரர்களும் ஒரே அளவில் சோலார் வாங்கியிருந்தால், கேள்வியையோ எடையையோ மாற்ற வேண்டும். அதற்காகத்தான் குறைந்த மதிப்பெண்காரர்களிலும் சிலரைக் கூப்பிடச் சொல்கிறேன். கூப்பிடவே இல்லையென்றால் அவர்கள் வாங்குவார்களா என்பது எப்படித் தெரியும்? இன்னொன்று, பையன்கள் ரிங் போனாலே "பேசியாச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். எடுத்துப் பேசிய நேரத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். பேஸ்புக் ஃபைலில் பாரம் வந்த நேரத்துக்கு `created_time` என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் உண்மையான வேகம்.

இதெல்லாம் நடக்க உங்களிடம் கேட்பது ஒன்றுதான். லீட் வந்ததும் தகவல் இப்போது விளம்பரம் போட்டுக்கொடுப்பவரின் போனுக்குப் போகிறது, அவர் வாரம் ஒருமுறை ஃபைல் அனுப்புகிறார். அந்த அனுமதியைக் கடையில் போன் பேசுபவருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒருவர் கூப்பிட வேண்டுமென்றால், அவருக்குத் திங்கள் காலை லீவு கொடுங்கள் அண்ணாச்சி.