அந்த அஞ்சாவது ஸ்லைடு

எய்யா தம்பி,

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின இன்சூரன்ஸ் கரூசல் பாத்தேன். ஒம்பது ஸ்லைடையும் பாத்தேன், அப்பாவும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாத்தாரு. "அம்மா இதுல எது எடுக்கலாம்"னு ஒரு வரி போட்டுட்டு மூணு வாரமா போனே காணோம், ரெண்டு தடவ கூப்பிட்டேன், மீட்டிங்னு மெசேஜ் வந்துச்சு. சரி, போன்ல பேசினா நான் பாதிய முழுங்கிருவேன்னு எழுதுறேன். கயலும் படிக்கட்டும். இல்ல, முதல்ல நீ படி, அப்புறம் அவகிட்ட குடு.

குடைய பிடிச்சுக்கிட்டு ஒரு பையனும் பொண்ணும் நிக்கிற படம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது ஸ்லைடுல "டெர்ம் நீங்க இல்லாதப்போ, ஹெல்த் நீங்க இருக்கும்போது"னு போட்டிருக்கான் பாரு, அத எழுதினவன் விஷயம் தெரிஞ்சவன். நான் இத்தன வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல உக்காந்து எத்தன பேருக்கு இதையே வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். டெர்ம் எடுத்தவன் பில்லோட வந்து நிப்பான், "அக்கா எங்கிட்ட ஒரு கோடிக்கு பாலிசி இருக்கு"ம்பான். அந்த ஒரு கோடி அவன் செத்தாத்தான்யா வரும், இருவதாயிரம் டெங்கு பில்லுக்கு அதுல இருந்து பத்து பைசா வராது. ஹெல்த் அப்படியே தலகீழ், ஆஸ்பத்திரிக்குத்தான் குடுப்பான், வீட்டுக்கு எதுவும் குடுக்க மாட்டான். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட முடியாது, அதனால "எது"ன்னு கேட்டியே, ரெண்டும்தான்.

மூணாவது ஸ்லைடு பழசு. பிரீமியத்துக்கு மேல 18% ஜிஎஸ்டின்னு போட்டிருக்கான். தனியாள் எடுக்குற லைஃப், ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து அந்த வரியே கிடையாது. ஒருத்தன் போட்ட படத்த இன்னொருத்தன் எடுத்து கலர் மாத்திப் போட்டா இப்படித்தான்.

நாலாவதுல "இளம் தம்பதிக்கு 1 கோடி போதும்"ங்கிறான். யாரு கணக்கு இது? உன் கணக்க நான் போட்டுப் பாத்தேன். ஃப்ளாட் லோன் 42 லட்சம் பாக்கி இருக்குன்னு பொங்கலுக்கு வந்தப்போ சொன்னல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா (வாய்ல போட்டுக்கிறேன், எழுதவே கை வரல) பேங்க் கடன அடைச்சதும் மிச்சம் 58 லட்சம். மாசம் 40,000 வீட்டுச் செலவுன்னா 145 மாசம், பன்னெண்டு வருஷமும் ஒரு மாசமும். வட்டி கொஞ்சம் வரும், விலைவாசி அத தின்னுரும். கயலுக்கு இப்ப இருவத்தெட்டு வயசு. நாப்பதுல காசு தீந்துரும். அவ சம்பாதிக்கிறா, சரிதான், ஆனா அந்த லோன்ல அவ சம்பளமும் சேந்துதான் போகுது, அதனால அவளுக்கும் தனியா ஒரு டெர்ம் வேணும். பொம்பளைக்கு எதுக்குன்னு யாராச்சும் சொன்னா என் நம்பரக் குடு.

ஆபீஸ்ல அஞ்சு லட்சத்துக்கு ஹெல்த் இருக்கே, தனியா எதுக்குன்னு நீ கேப்ப, உன் அப்பா மாதிரியே கேப்ப. வேலைய விட்டா அதுவும் போயிரும்யா. அது மட்டும் இல்ல, சொந்த பாலிசில வெயிட்டிங் பீரியட்னு ஒண்ணு இருக்கு. மொத முப்பது நாளு விபத்த தவிர எதுவும் குடுக்க மாட்டான், ஹெர்னியா, பித்தப்பை கல்லு மாதிரி சிலதுக்கு ரெண்டு வருஷம், முன்னாடியே இருக்குற வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும். அந்தக் கடிகாரம் நீ பாலிசி எடுத்த அன்னைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், உடம்பு நல்லா இருக்குறப்பவே ஓட விட்டுரணும். பிரசவத்துக்கும் நெறைய பாலிசில ரெண்டு மூணு வருஷம் காத்திருக்கச் சொல்லுவான். நான் எதுவும் கேக்கல. பாலிசில இருக்குறத சொல்றேன்.

இப்ப அஞ்சாவது ஸ்லைடு. அதுல கீழ பொடி எழுத்துல "ஸ்மோக்கர் / நான்-ஸ்மோக்கர்"னு ரெண்டு பிரீமியம் போட்டிருக்கான் பாத்தியா. பொதுவா சொல்றேன். டெர்ம் ஃபார்ம்ல, கடைசி பன்னெண்டு மாசத்துல புகையிலை, சிகரெட் எதுவும் தொட்டிருக்கீங்களான்னு கேப்பான், சில கம்பெனி எப்பயாச்சும் தொட்டதுண்டான்னே கேப்பான். ஆமான்னு போட்டா பிரீமியம் ஒன்றரை மடங்கு ஆகும், சில இடத்துல அதுக்கும் மேல. அதப் பாத்துட்டுத்தான் நெறைய பசங்க இல்லன்னு டிக் பண்ணிருதாங்க. எப்பயாச்சும் ஃப்ரெண்ட்ஸோட ஒண்ணு, டீ குடிக்கிறப்ப ஒண்ணு, அதெல்லாம் ஸ்மோக்கிங்கா அக்கான்னு கேப்பாங்க. ஃபார்முக்கு அதுவும் ஸ்மோக்கிங்தான். டெஸ்டுல கோட்டினின்னு ஒண்ணு பாப்பான், நிக்கோட்டின் உடம்புல உடைஞ்சு வர்றது, சில நாளு தங்கும். ஒரு வாரம் நிறுத்திட்டுப் போயி தப்பிச்சிருவாங்க சில பேரு. அது தப்பிச்சது இல்ல. இன்சூரன்ஸ் சட்டத்துல 45ம் பிரிவுன்னு இருக்கு, லைஃப் பாலிசிக்கு மூணு வருஷம் கழிச்சு எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேக்க முடியாது. ஆனா அந்த மொத மூணு வருஷத்துக்குள்ள ஒண்ணுன்னா ஆள் வந்து விசாரிப்பான், பழைய ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் தோண்டுவான். பொய் டிக் போட்டவன் அப்ப இருக்க மாட்டான், அவன் பொண்டாட்டிதான் ஃபைல தூக்கிக்கிட்டு அலைவா.

பொதுவாத்தான் சொல்றேன்.

நீ பத்தாவதுல மாவட்டத்துல வந்தப்ப அப்பா தெரு பூரா கடலமிட்டாய் குடுத்தாரு, அந்தப் புள்ள இன்னைக்கு சொந்தமா ஃப்ளாட் வாங்கி, பொண்டாட்டியோட உக்காந்து பாலிசி பாக்குறான்னு ஆச்சி போட்டாகிட்ட நின்னு சொன்னேன். முப்பத்தொரு வயசுல பாக்குறியேன்னும் நெனச்சேன். ஏன் இவ்ளோ நாளு பாக்கலன்னு எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ்னாலே ஃபிராடு, நம்ம அப்பாவயே ஏமாத்தினவங்கன்னு நீ காலேஜ்ல இருந்தே சொல்லிட்டு திரிஞ்ச. நானும் ஆமா ஆமான்னு கேட்டுட்டு இருந்தேன்.

அப்பாவ யாரும் ஏமாத்தலய்யா. 2015 ஜூன் மாசம் அந்த ஹெல்த் ஃபார்ம நிரப்பினது நான். "ரத்த அழுத்தம் உண்டா"ன்னு கேள்வி. அப்பா டிபன் தட்டுக்குப் பக்கத்துல தெனமும் அந்த பிரஷர் மாத்திரைய நான்தான் எடுத்து வைப்பேன், ரெண்டு வருஷமா வெச்சுக்கிட்டு இருந்தேன். ஏஜென்ட் தம்பி "அக்கா, பிரஷர் யாருக்கு இல்ல, ஆமான்னு போட்டா டெஸ்டுக்கு அலைய விட்டு பிரீமியத்த ஏத்திருவான்"னான். நான் இல்லன்னு டிக் போட்டேன். அப்பா படிக்காம கையெழுத்து போட்டாரு, நான் நீட்டினா எதையும் படிக்க மாட்டாரு.

2017ல நெஞ்சு வலின்னு சேத்தோம்ல. ராத்திரி டூட்டி டாக்டர் கேட்டதுக்கு அப்பா உள்ளத சொன்னாரு, நாலு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்னு. அது அப்படியே கேஸ் ஷீட்ல ஏறிருச்சு. பாலிசிக்கு வயசு ரெண்டு, பிரஷருக்கு வயசு நாலு. கேஷ்லெஸ் கேட்டப்ப, மொதல்ல பாத்த டாக்டர் சீட்ட அனுப்புன்னான், எங்க இருந்து அனுப்புறது. கிளைமும் போச்சு, பாலிசியும் கேன்சல். ஸ்டென்ட்டுக்கு 2,10,000 ஆச்சு, ஆச்சி வளையல் போனது அதுக்குத்தான்.

இத்தோட போயிருந்தா பரவால்ல. அதுக்கப்புறம்தான் கடன் அடைக்க நான் டெஸ்க் வேலைக்குச் சேந்தேன், அங்க உக்காந்த பொறவுதான் நான் என்ன பண்ணினேன்னு எனக்கே புரிஞ்சுச்சு. ஆமான்னு போட்டிருந்தாலும் 2017 கிளைம் வந்திருக்காது, அப்ப பழைய வியாதிக்கு நாலு வருஷம் காத்திருக்கணும். ஆனா பாலிசி உயிரோட இருந்திருக்கும். 2019ல அந்த நாலு வருஷம் முடிஞ்சிருக்கும். 2021ல பைபாஸ் பண்ணினோமே, 3,60,000, அதுல மூணு லட்சம் அவன் குடுத்திருப்பான். எட்டயபுரம் ரோட்டு மனைய வித்திருக்க வேண்டாம். ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு அப்புறம் நாங்க கேட்ட எடத்துல ஒருத்தனும் புது பாலிசி குடுக்கல. பிரீமியத்துல ரெண்டாயிரமோ மூவாயிரமோ மிச்சம் பிடிக்கப் போயி.

நீ கோவமா கம்பெனிக்கு மெயில் எழுதின, அந்த மெயில என்கிட்ட படிச்சுக் காட்டின. நல்ல இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் எதுவும் சொல்லல. அப்பாவுக்குத் தெரியும், ஒரு நாளும் கேட்டதில்ல.

அதனால சொல்றேன். இப்ப ஃபார்ம ஏஜென்ட் அவன் போன்லயே நிரப்பிருதான், "சார் ஓடிபி மட்டும் சொல்லுங்க"ம்பான். அந்த ஓடிபிதான் கையெழுத்து. நிரப்பின ஃபார்ம அனுப்பச் சொல்லி, நீயும் கயலும் சேந்து உக்காந்து ஒவ்வொரு கேள்வியும் வாசிச்சுட்டு ஓடிபி சொல்லு. அவ முன்னாடி பதில் சொல்ல முடியாத கேள்வி எதும் இருந்தா, அத ஃபார்ம் வாங்குறதுக்கு முன்னாடியே அவகிட்ட பேசிரு. பாலிசி வந்த பொறவும் அதோட அந்த ஃபார்ம் காப்பி வரும், பாரு, தப்பா இருந்தா உடனே எழுதித் திருத்து. வேணாம்னா திருப்பிக் குடுக்க முப்பது நாளு டைம் இருக்கு. ஆமான்னு போட்டு கூட காசு கட்டு. கூட வர்றத நான் வேணா தரேன், என் பிஎஃப்ல இருக்கு, மொறைக்காத.

நாமினில கயல் பேர போடு. பழைய சேவிங்ஸ், பிஎஃப் எல்லாத்துலயும் இன்னும் என் பேருதான் இருக்கும், கல்யாணம் ஆனா அதுவா மாறிராது, மாத்து.

வேற என்ன. பக்கத்து வீட்டுல போர் போட்டாங்க, தண்ணி வரல. அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திரை மாத்தியிருக்காங்க. ரெண்டு கிலோ கடலமிட்டாய் பார்சல் போட்டிருக்கேன், ஆபீஸ்லயும் குடு.

பொங்கலுக்கு நீ விட்டுட்டுப் போன ஜீன்ஸ துவைச்சு வெச்சிருக்கேன். பாக்கெட்டுல ஒரு தீப்பெட்டி இருந்துச்சு. லேபிளப் பாத்தேன், நம்ம கோவில்பட்டி தீப்பெட்டிதான், பெங்களூர் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்திருக்கு. பூஜ ரூம்ல விளக்கேத்த வெச்சுக்கிட்டேன். இன்னும் நாலு குச்சி இருக்கு.

அம்மா