திருப்பி மொழிபெயர்த்தால் தப்பு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஸ்சார்ஜ் காகிதங்களைக் கணினி தமிழாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் வரியை அதே கணினியிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. பல வருடமாக மருந்துக் கடையில் நிற்பவன் நான். என் அனுபவத்தில் அந்த யோசனை பாதிக்கிணறு கூடத் தாண்டாது.

போன மாதம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அப்படிப்பட்ட காகிதத்தோடு கடைக்கு வந்தார். சர்க்கரை, தைராய்டு இரண்டும் உள்ளவர். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தமிழில் முதல் வரி இது: "மெட்ஃபார்மினை 48 மணி நேரம் வைத்திருக்கவும்." அக்காவும் அந்தச் சர்க்கரை மாத்திரையைக் கைவசம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்து, காலையில் வழக்கம்போல ஒன்று போட்டுவிட்டார். பின்பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தில் "ஹோல்ட்" என்று இருந்தது. வார்டு பேச்சில் அதற்கு நிறுத்திவை என்றுதான் அர்த்தம். ஸ்கேன் மருந்தால் சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் வெளியேறாமல் உடம்பில் சேரும், ரத்தத்தில் அமிலம் ஏறும். அதற்குத்தான் அந்த 48 மணி நேரம்.

இப்போது கட்டுரையின் யோசனைப்படி செய்து பாருங்கள். "வைத்திருக்கவும்" என்பதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மறுபடி "ஹோல்ட்" என்றுதான் வர வாய்ப்பு அதிகம். மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும்! ஆங்கிலத்தில் "நாட்" இருக்கும் இடங்களை மட்டும் தேடினாலும் இது சிக்காது. இது மறுப்புச் சொல்லே இல்லாத மறுப்பு. அதனால் நான் வார்த்தையைத் தேடுவதில்லை. ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் பக்கத்தில் "போடணும்" அல்லது "போடக் கூடாது" என்று பென்சிலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் தமிழ் வரியின் கடைசி வினையைப் பார்ப்பேன். தமிழில் வேண்டும், வேண்டாம் எல்லாம் அங்கேதானே இருக்கிறது.

அதே காகிதத்தில் இன்னொன்று. தடிப்பு வந்தால் ஒழிய ஆன்டிபயாடிக்கை 7 நாளுக்கு முன் நிறுத்தக் கூடாது என்பது ஆங்கிலம். தமிழில் "தடிப்பு வந்தால் 7 நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டாம்" என்று வந்திருந்தது. இரண்டு மறுப்பில் ஒன்று விழுந்துவிட்டது, விஷயம் தலைகீழாகிவிட்டது. இதை ஒரே வாக்கியமாகத் திருத்த நான் முயலவில்லை. "7 நாளும் சாப்பிடுங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்" என்று இரண்டாக உடைத்து எழுதிக் கொடுத்தேன்.

எண்களில் வேறு மாதிரியான வம்பு. அந்தக் காகிதத்தில் 8, 25, 48 எல்லாம் மூலத்தில் இருந்தபடியே இருந்தன. இரண்டு பக்கத்து எண்களையும் ஒப்பிடும் மென்பொருள் எதுவும் அதைப் பாஸ் போட்டுவிடும். ஆனால் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய மாத்திரை "தினமும் 8 மணிக்கு" என்று ஆகியிருந்தது. மூன்று வேளை ஒரு வேளையாகிவிட்டது. தைராக்ஸின் 25 மைக்ரோகிராம் "25 மி.கி." என்று வந்திருந்தது. அது ஆயிரம் மடங்கு. பழைய மாத்திரை டப்பா கையில் இருந்ததால் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையே ஒருவர் அளந்து ஊற்றும் சொட்டு மருந்திலோ சிரப்பிலோ நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எண்ணைத் தனியாகச் சரிபார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எண், அதன் அலகு, அதை ஒட்டிய காலச் சொல் மூன்றையும் சேர்த்து வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். "மி.கி." என்று வந்தால் மருந்து அட்டையையோ டப்பாவையோ எடுத்து வைத்து ஒப்பிடுவேன். மைக்ரோகிராமாக இருந்தால் சுருக்காமல் முழுதாக எழுதிவிடுவேன். நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துப் பார்ப்பேன்: காலை 6, மதியம் 2, இரவு 10. கடைசியில் ஆங்கிலம் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எப்போதெல்லாம்?" என்று கேட்பேன். அக்காவின் மருமகள் திருத்திய தாளைப் படித்துவிட்டு விரல் விட்டு எண்ணிச் சரியாகச் சொன்னார்.

இப்படிப் பார்த்தாலும் மூலத்தில் உள்ள குறை தீராது. மெட்ஃபார்மினை எப்போது மறுபடி தொடங்குவது என்று ஆங்கிலத்திலேயே எழுதவில்லை. அதை நானாக நிரப்பக் கூடாது. வார்டுக்குப் போன் போட்டோம். மூன்றாம் நாள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, அது சரியாக இருந்தால் தொடங்கலாம் என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.