மாப்பிள்ளையின் நான்கு படங்கள், ஒன்றரை நிமிடப் பேச்சு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொள்ளும் ஜெர்மன் மாப்பிள்ளை ரிசப்ஷனில் பேசுவதற்காக எழுதிய குறிப்பைத் தமிழாக்கி நேற்று அனுப்பினேன். அந்தப் பேச்சைப் படித்துவிட்டு, "அக்கா, மாமா எழுதினதுல பாதியைக் காணோமே?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். இரண்டு பக்கம் நெருக்கி எழுதிய ஜெர்மன் குறிப்பு, தமிழில் பத்துப் பதினைந்து வரியாக வந்து நிற்கிறது. எது எங்கே போனது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிசப்ஷன் மேடையில் அவர் பக்கத்தில் நிற்கப் போவது நீதான்.

முதலில் படங்களைப் பற்றி. அவர் குறிப்பை நீ படமெடுத்து அனுப்பிய நான்கில் இரண்டாவது படத்தில் தாளின் வலது ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. "ஓரத்துல ரெண்டு வார்த்தைதானே, அர்த்தம் வச்சு ஊகிச்சுக்கலாம்" என்றாய். ஜெர்மனில் அப்படி ஊகிக்க முடியாது. அந்த மொழியிலும் பல வாக்கியங்களில் வினையின் முக்கியமான பாதி, நம் தமிழ் போலவே கடைசியில்தான் வரும். 'இல்லை' என்று மறுக்கும் சொல்லும் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் நிற்கும். படத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "முதல் நாள் ராத்திரி அந்தக் காரத்தை நான்..." அடுத்த வரி, "ஏன்னா அவ்வளவு படபடப்பு." நடுவில் என்ன இருந்திருக்கும்? வெள்ளைக்காரர், மதுரைச் சாப்பாடு, காரம். யாராக இருந்தாலும் "தாங்க முடியவில்லை" என்றுதான் போட்டிருப்பார்கள். முழுத் தாளையும் மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன் அல்லவா? அதில் வெட்டுப்பட்ட சொற்கள், "கவனிக்கவே இல்லை." பெண் வீட்டுக்கு முதல் முறை வந்த பதற்றத்தில் காரமே அவர் நாக்கில் ஏறவில்லை. உங்கள் அம்மா மூன்றாவது தோசை வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்திருக்கிறது. ஊகித்து எழுதியிருந்தால், "உங்க சமையல் எனக்கு ஒத்துக்கலை" என்று அவர் வாயாலேயே மேடையில் சொல்ல வைத்திருப்போம்.

இனி யாருக்காவது இப்படிப் படம் எடுத்து அனுப்பினால் தாளின் நான்கு ஓரமும் தெரியட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், பென்சில் கோடெல்லாம் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பு.

அப்புறம் அந்தத் தேதி. அவர்கள் முதலில் சந்தித்தது அக்டோபர் 7 என்று நீ வாசித்தாய். அது 1. ஜெர்மன்காரர்கள் கையால் ஒன்று போடும்போது கீழிருந்து ஒரு நீளமான கோட்டை மேலே இழுத்துப் பிறகு இறக்குவார்கள், நம் கண்ணுக்கு அது அசல் ஏழு. அவர்களுடைய ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். அதே பக்கத்தில் வேறொரு இடத்தில் இடுப்புக்கோட்டோடு ஒரு ஏழு இருந்தது. அதை வைத்துத்தான் இது ஒன்று என்று தெரிந்துகொண்டேன். அங்கே பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி தொடங்குவதும் அக்டோபர் 1. உன் அக்காவிடம் கேட்டேன், "ஆமா, ஸ்டுட்கார்ட்ல என் முதல் நாள்" என்றாள்.

அதே வரியில் "ஹால்ப் ஆக்ட்" என்று நேரம் குறித்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு'. உடனே எட்டரை என்று எழுதத் தோன்றும். ஆனால் அவர்கள் எண்ணும் முறை வேறு. எட்டை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று பொருள், அதாவது ஏழரை. எட்டரை என்று எழுதினால் தப்பு. ஏழரை என்று எழுதினால் சரி, ஆனால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை, "உங்க பொண்ணை ஏழரைக்குத்தான் பார்த்தேன்" என்று சொன்னால் நம் சனம் என்ன நினைக்கும் என்று உனக்கே தெரியும். 'ஏழு முப்பது' என்று போடலாம் என்று பார்த்தேன். அதில் ழ இருக்கிறது, அவர் வாயில் அது 'ஏலு' ஆகிவிடும். கடைசியில் நேரத்தையே எடுத்துவிட்டு "காலை ரயில்ல" என்று வைத்தேன். காணோம் என்று நீ சொன்னவற்றில் இது ஒன்று.

இன்னொன்று ஒரு சிலேடை. உன் அக்கா அன்று தப்பான ரயிலில் ஏறிவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கியபோது, வழி காட்டுவதற்காக இவரும் தான் போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கூடவே இறங்கியிருக்கிறார். அதை எழுதிவிட்டு, "அப்போது நான் ட்ஸூகில் இருந்தேன்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். ட்ஸூக் என்றால் ரயில். சதுரங்கத்தில் காய் நகர்த்துவதற்கும் அதே சொல்தான், 'இப்போது என் முறை' என்று சொல்லவும் அதையே வைத்துச் சொல்வார்கள். அழகான வரி, எனக்கு விடவே மனமில்லை. ஆனால் விளக்கம் சொல்லித்தான் தமிழில் கொண்டுவர முடியும், விளக்கம் சொன்னால் மேடையில் செத்துவிடும். "நானும் அவகூடவே எறங்கிட்டேன்" என்று அந்தச் செயலை மட்டும் வைத்தேன். சிலேடை போய்விட்டது, அவர் செய்தது அப்படியே இருக்கிறது.

'கெபோர்கன்ஹைட்' என்ற சொல்லோடுதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டில் தனக்கு அது கிடைத்தது என்கிறார். அகராதி 'பாதுகாப்பு' என்கிறது. பாதுகாப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காவல்காரரும் பூட்டும். அந்தச் சொல்லுக்குள் இருப்பது குளிரில் போர்வைக்குள் இருக்கிற மாதிரி ஒரு நிம்மதி. நம் ஊரில் இதை யாரும் பெயர்ச்சொல்லாகச் சொல்வதில்லை. "ஒரு நாளும் வேத்து ஆளா இருந்ததில்லை" என்போம். அதையே போட்டேன்.

நன்றி என்ற சொல்லை அவர் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறார், நான் ஒரு இடத்தில்கூட வைக்கவில்லை. அங்கே அது அன்பு. இங்கே மாமனார் மாமியாரைப் பார்த்து வரிக்கு வரி நன்றி சொன்னால், கணக்கு முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் மாதிரி இருக்கும். அவர்கள் செய்ததை எடுத்துச் சொன்னாலே போதும். 'மாமியார்', 'மாமனார்' என்றுதான் குறிப்பில் இருந்தது. நேரில் கூப்பிடுகிற 'அத்தை', 'மாமா' என்று மாற்றினேன். 'ஓமா' என்று எழுதியிருந்த பாட்டி யார் என்று உன்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனில் அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் ஓமாதான். நீ சொன்ன பிறகே 'அப்பத்தா' என்று போட்டேன்.

நான்காவது படத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்ததைக் கவனித்தாயா? அது அவருடைய அம்மா எழுதியது. சில எழுத்துகளின் தலையில் பிறை போல வளைவு இருந்ததால் இரட்டைப் புள்ளி வைக்கிற எழுத்து என்று நீ எண்ணிவிட்டாய். அது வெறும் யூ. பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'என்' எழுத்தும் 'யூ' எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், பிரித்துக் காட்ட யூவின் மேல் வளைவு போடுவார்கள். 1941-இல் பள்ளிகளில் அந்த எழுத்தை நிறுத்தினார்கள். வளைவு மட்டும் சில பேர் கையில் தங்கிவிட்டது. அவர் அம்மா உன் அக்காவுக்கு எழுதியிருப்பது: "அவனை நன்றாகப் பார்த்துக்கொள்." நம் வீட்டில் பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையை, அங்கே பிள்ளையைப் பெற்றவள் மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அதை வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சு முழுவதையும் அந்த வரியை நோக்கித்தான் கொண்டுபோனேன்.

கடைசியில் அவர், எல்லாரும் கோப்பையைத் தூக்குங்கள் என்று எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் கோப்பையைத் தூக்கி ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாழ்த்தினால்தான் பேச்சு நிறையும். நம் மண்டபத்தில் அந்த இடத்தில் என்ன சொல்வோம்? ஆசீர்வாதம் கேட்போம், சாப்பிட்டுப் போகச் சொல்வோம். அவ்வளவுதான்.

இதோ, முழுதும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்:

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். மெதுவா பேசுறேன், பொறுத்துக்கோங்க.

உங்க பொண்ணை நான் முதல்ல ஒரு காலை ரயில்ல பார்த்தேன். அக்டோபர் ஒண்ணாம் தேதி. தப்பான ரயில்ல ஏறிட்டா. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கினா. நானும் அவகூடவே எறங்கிட்டேன்.

அத்தை, முதல் நாள் சாப்பாட்டுல காரமே எனக்குத் தெரியலை. அவ்வளவு பயம். நீங்க மூணாவது தோசை வச்சீங்க. அப்பதான் பயம் போச்சு.

மாமா, உங்க வீட்டுல நான் ஒரு நாளும் வேத்து ஆளா இருந்ததில்லை.

அப்பத்தா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினீங்க. ஒரு வார்த்தை புரியலை. ஆனா எல்லாம் புரிஞ்சது.

எங்க அம்மா இவகிட்ட சொன்னாங்க, 'அவனைப் பார்த்துக்கோம்மா'ன்னு. நான் உங்ககிட்ட சொல்றேன். இவளை நான் பார்த்துக்கிறேன்.

எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்க. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

இதில் ழ ஒரே இடத்தில்தான், 'தமிழ்' என்ற சொல்லில். அதை மட்டும் அவர் பழகினால் போதும். இந்தத் தமிழை வரிக்கு வரி மறுபடி ஜெர்மனில் எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன். தான் சொல்லாத எதையும் அவர் வாயில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. 'படபடப்பு' எப்படி 'பயம்' ஆனது என்று மட்டும் கேட்டார். படபடப்பைச் சொல்ல உங்கள் நாக்குப் படும் பாட்டுக்குப் பயமே சுலபம் என்றேன். சரி, பயமும் இருந்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார்.

அவர் கையில் இருக்கப் போகிற தாளை நீ ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே. நாம் 'வணக்கம்' என்பதை வி போட்டு எழுதுவோம். ஜெர்மன் பழக்கத்தில் வி பல சொற்களில் எஃப் ஒலி, ஆகவே 'ஃபணக்கம்' என்று தொடங்கிவிடுவார். டபிள்யூ போட்டால்தான் அவருக்கு வ. 'பயம்' என்பதில் ஒய் போடாமல் ஜே போட வேண்டும், அவர்களுக்கு ஜேதான் ய. 'சாப்பாடு' என்பதற்கு ஒரு எஸ் போட்டால் இசட் ஒலி வரும், இரண்டு எஸ் போட்டால் கொஞ்சம் நெருங்கி வருவார். அந்தத் தாளை நானே எழுதி அனுப்புகிறேன். கூடவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தும் தருகிறேன். என் வேகத்தில் பேசி நேரம் பார்த்தேன், ஒன்றரை நிமிடம். அவருக்கு மூன்று ஆகட்டும், அவசரப்படுத்தாதே.

மறு நகல் ஒன்று உன் சட்டைப் பையில் இருக்கட்டும். பேச்சுக்கு முன்னால் அப்பத்தாவுக்கு முதல் வரிசையில், மேடையின் இடது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வை. அவருக்கு இடது காது நன்றாகக் கேட்காது என்று உன் அக்கா சொன்னாள், ஒலிபெருக்கி வலது பக்கம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா