அத்தானுக்கு, கணக்கு முடிக்கும் வாரத்தில்

அத்தான்,

இந்த மாதத்தோடு என் வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் முடிகிறது. ஆபீசில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, இனி பாக்கி எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. நான் போடவில்லை. போனில் இதைப் பேச எனக்கு முடியாது. நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் 'சரி அத்தான், சரி அத்தான்' என்றே இருந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என்னோடு அதே ஏஜென்ட் வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள், வரப்போகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி ஆட்களும் படிக்கலாம் என்பதால் பெயர் எதையும் எழுதவில்லை, உண்மையான தொகையையும் எழுதவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு 2400. மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

சம்பளச் சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கினேன். சில மாதங்களுக்குச் சீட்டே கொடுக்கவில்லை. அந்த மாதங்களுக்கு பாங்க் கணக்கில் விழுந்த தொகையை எடுத்துக்கொண்டு, முந்தைய மாதச் சீட்டை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். சில சீட்டுகளில் மை மங்கிவிட்டது, நல்லவேளை வந்த அன்றே போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

தங்குமிடத்துக்குப் பிடித்ததை நான் தனியாக ஒதுக்கிவிட்டேன். அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, அதே தொகைதான் பிடித்திருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பிடித்தம் எல்லாமே திருட்டு என்று நான் சொல்லவில்லை, அத்தான். அதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் 12 சீட்டுகளிலும் 'முன்பணம் பிடித்தம்' என்று ஒரு வரி இருக்கிறது. மாதம் 15, மொத்தம் 180. பதிமூன்றாம் மாதம் அந்த வரி தானாக மறைந்துவிடுகிறது. நான் கம்பெனியிடம் முன்பணமே வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்க வேண்டும். கேட்டேன், இல்லை. பிறகு அறையில் மற்றவர்களின் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். நம் ஏஜென்ட் வழியாக வந்த அத்தனை பேருக்கும் அதே 15, அதே 12 மாதம். நேரடியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சீட்டில் அந்த வரியே இல்லை. ஆளுக்கு ஆள் வாங்கிய கடன் என்றால் தொகை வேறு வேறாக இருந்திருக்கும். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கம்பெனி ஏஜென்டுக்குக் கொடுத்த காசு, எங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதைச் செய்யக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1949-லேயே ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 9-வது பிரிவில் எழுதிவிட்டது. வேலை கிடைப்பதற்காகவோ வேலையில் நீடிப்பதற்காகவோ முதலாளிக்கோ தரகருக்கோ போய்ச்சேரும்படி சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்கிறது அது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் புகார் மனுவில் சொல்ல ஒரு வாசகம் கிடைத்தது.

இன்னொன்று சீட்டில் பிடித்தமாகத் தெரியவே தெரியாது, அதுதான் பெரியது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 100. சீட்டில் அடிப்படை 80, 'படி' 20. கூட்டினால் 100 தான் வருகிறது, அதனால் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஓவர்டைமை 80-ஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மாதத்துக்கு 208 மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, மாதம் சராசரி 60 மணி நேரம் ஓவர்டைம். 100-ஐ வைத்தால் மாதம் 43-க்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். எனக்கு வந்தது 34 சொச்சம். 24 மாதத்துக்குப் பெருக்கினால் 208 ஆகிறது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே, ஒரு வரிகூட எழுதாமல்.

இனி நமக்குள் இருக்கிற கணக்கு. கிளம்புவதற்கு முன் ஏஜென்டுக்கு என்று உங்களிடம் கொடுத்தது 450. மருத்துவப் பரிசோதனை, திறன் தேர்வு, டிக்கெட் சேர்த்து இன்னும் 90. 450-க்கு வந்த ரசீதில் இருப்பது 60 மட்டும். இந்தச் செலவுகள் எல்லாமே ஆள் சேர்ப்புச் செலவுதான், தொழிலாளி தலையில் விழக்கூடாது என்று 2018 நவம்பரில் அதே சர்வதேச தொழிலாளர் அமைப்பு கூட்டிய நிபுணர் கூட்டம் வரையறுத்திருக்கிறது. பரிசோதனை, தேர்வு, பயணம் வரை பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 540, 180, 208. மொத்தம் 928. ஒன்பது மாதத்துக்கு மேல் நான் சும்மா உழைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் தரையில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக எண்ணினீர்கள். அக்கா நிலைப்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை. எண்ணி முடித்து ஒரு தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தீர்கள், 'நம்ம ஆளா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்டா' என்று. பிறகு கட்டிலிருந்து கொஞ்சம் உருவி என் சட்டைப் பையில் வைத்தீர்கள். 'போன உடனே செலவுக்கு வேணும். யார்கிட்டயும் கேக்காத.' இங்கே வந்து முதல் சம்பளம் வரும் வரை அந்தக் காசில்தான் இருந்தேன். அப்பா போன பிறகு என் பையில் அப்படிக் காசு வைத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

எண்ணி முடித்த பணம் முழுவதும் ஏஜென்டுடையது என்றால், அதிலிருந்து உருவிக் கொடுக்க உங்களுக்கு எப்படி முடிந்தது? இங்கே படுத்துக்கொண்டு இதை எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். முதல் சீட்டைப் பார்த்துவிட்டு நான் போன் செய்தபோது 'ஆரம்பத்துல அப்படித்தான் பிடிப்பாங்க, கேட்டா அனுப்பிடுவாங்க' என்றீர்களே. சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை, அத்தான்.

மன்னித்துவிடுங்கள். உங்கள் கையெழுத்துள்ள அந்தத் தாளை மனுவோடு வைக்கப்போகிறேன். 450 கொடுத்ததற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான், ரசீது 60 என்றுதானே சொல்கிறது. உங்களை மாட்டிவிட வேண்டும் என்று இல்லை. விசா முடிந்து ஊருக்கு வந்துவிட்டால் அங்கிருந்து இந்தக் கம்பெனியிடம் பாக்கி கேட்பது பெரும்பாடு. இங்கே இருக்கும்போதே மனு பதிவாக வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்வீர்கள். செய்ய மாட்டீர்கள் என்றால் அதையும் நான் தெரிந்துகொள்கிறேன்.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். 450-ல் ஏஜென்ட் கணக்குக்கு எவ்வளவு போனது என்பதற்கு உங்களிடம் பாங்க் சீட்டு ஏதாவது இருந்தால், அதற்கு முன் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அனுப்பினால் மனுவில் உங்கள் பெயரைச் சாட்சி என்று எழுதுகிறேன். வராவிட்டால், பணம் வாங்கியவர் என்ற இடத்தில் எழுதித்தான் ஆகவேண்டும்.

உங்கள் மைத்துனன்