குக்கர் வீடியோவும் 5:40-ம்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். வேலை, வீடு மாற்றம், அம்மாவின் முழங்கால் என்று வழக்கமான பல்லவிதான். இன்று எழுதுவதற்குக் காரணம் நீ அனுப்பிய அந்த ஸ்க்ரீன்ஷாட்: உன் குக்கர் கசிவு வீடியோவை எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யூடியூப் போட்டுக் காட்டும் கோடு. "முப்பது செகண்டிலேயே மூணுல ஒருத்தன் ஓடிட்டான், சேனலை மூடப்போறேன்" என்று எழுதியிருந்தாயே, கல்லூரி நாடகத்தில் மீசை கழன்றபோதும் இதே குரலில்தான் சொன்னாய்.

கோட்டின் தலையைப் பார்த்து அழாதே. தவறி வந்தவர்கள் முதல் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள், எல்லா வீடியோவிலும் அங்கே சரிவு இருக்கும். உன் வழக்கத்தைவிட மோசமா என்பதுதான் கேள்வி. கோட்டுக்குப் பின்னால் சாம்பல் பட்டையாக உன் பழைய வீடியோக்களின் வழக்கமான அளவு தெரிகிறதே, அதற்குள்தான் இருக்கிறாய்.

எனக்குக் கவலை நடுப்பகுதி. அங்கே இரண்டு விதமான விழுதல் இருக்கிறது, நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் புலம்புகிறாய். 1:20-ல் கோடு இறங்கி 2:10-ல் மறுபடி ஏறுகிறது. மூடிவிட்டுப் போனவர்களால் கோடு மறுபடி ஏறாது. ஆக, பெரும்பாலும் வெளியேறவில்லை, விரலால் தள்ளித் தாண்டியிருக்கிறார்கள். எதை என்று பார்த்தேன்: குக்கரின் மூதாதையான ஆவிக்கலத்தைச் செய்த டெனி பாப்பனைப் பற்றி நீ உருகி உருகிச் சொன்ன வரலாறு. கசியும் குக்கரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு 1679 எதுக்குடா?

5:40 வேறு சங்கதி. 45 சதவீதத்திலிருந்து 29-க்கு இறங்கி, அப்புறம் ஏறவே இல்லை. நிஜமாக எழுந்து போயிருக்கிறார்கள். 5:40-ல் என்ன இருக்கிறது என்று நீ தேடியிருப்பாய், அங்கே குற்றம் எதுவும் கிடைத்திருக்காது. சலிப்போ திருப்தியோ வந்து, கை போனுக்குப் போகக் கொஞ்ச நேரமாகும். அதனால் பத்துப் பதினைந்து செகண்ட் பின்னால் போய் வசனத்தைப் படி. இதோ நீ எழுதியது:

"இதுவரைக்கும் கேஸ்கெட் பிரச்சினை எல்லாத்தையும் பார்த்தோம். இவ்வளவு செஞ்சாலே பெரும்பாலும் கசிவு நின்னுடும். அடுத்து, சேஃப்டி வால்வைப் பத்திச் சில விஷயங்கள்."

'போய்ட்டு வாங்க' என்று வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறாய். வந்த வேலை முடிந்தது, "சில விஷயங்கள்" கேட்க எவன் உட்காருவான்?

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றது. நீ வெயிட் உட்காரும் குழாயைப் பற்றிச் சொல்வது அதற்குப் பிறகுதான். அந்தக் குழாயில் பருப்பு அடைத்திருந்து, புது கேஸ்கெட்டையும் போட்டால், முன்பு ஓரத்தில் கசிந்த ஆவிக்கு அந்த வழியும் இல்லை. மிச்சம் சேஃப்டி வால்வு ஒன்றுதான். பாதி வீடியோ பார்த்தவன் பாதி ஆபத்தோடு அடுப்பைப் பற்றவைக்கிறான், சேகர்.

ஆகவே, குழாயை கேஸ்கெட்டுக்குள்ளேயே கொண்டுவா. புது வளையத்தைக் கையில் எடுக்கும் நேரத்தில், மாட்டுவதற்கு முன்:

"இதை மாட்டாதீங்க, ஒரு நிமிஷம். வெயிட்டை எடுத்துட்டு மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிங்க. இந்தக் குழாய் வழியா வெளிச்சம் தெரியுதா? தெரியலைன்னா, புது கேஸ்கெட் போடுறது கசிவைவிட மோசம்."

குழாயைச் சுத்தம் செய்து காட்டு. அடைத்தால் என்ன ஆகும் என்பதில் சேஃப்டி வால்வு தானாக வந்துவிடும். அங்கே உன் பாப்பனுக்கும் ஒரு வரி இடமுண்டு: தன் ஆவிக்கலம் வெடிக்காதிருக்க அந்த மனுஷனே ஒரு வால்வு வைத்தார் என்று. அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கூடாது. வளையத்தை மாட்டுவது கடைசியில் வரட்டும். அதற்காகத்தானே காத்திருக்கிறார்கள்.

3:50-ல் சின்ன மேடு இருப்பதைப் பார்த்துக் குதிக்காதே. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், சரி. ஆனால் அந்த ஷாட்டில் உன் கட்டைவிரல் வளையத்தின் விளிம்பை மறைக்கிறது. பிடித்துப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா என்று கோடு சொல்லாது, கமெண்டைப் படி. பார்வைகள் சில நூறுதான் இருக்கும்போது ஒவ்வொரு சின்ன நெளிவுக்கும் அர்த்தம் தேடாதே, இந்த இரண்டு பெரிய சரிவு போதும்.

ஏற்றிய வீடியோவில் புதுக் காட்சியை ஒட்ட முடியாது, ஆனால் யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரில் வெட்ட முடியும். பாப்பனை இன்றே வெட்டிவிடு, குழாய் விஷயத்தைக் கமெண்டில் பின் செய். மற்றதைப் புதிதாக எடு. ஏற்றி ஓரிரு நாளில் கோடு வந்துவிடும். குழாய் பேசும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்.

ஸ்கிரிப்ட்டை ஷூட்டிங்குக்கு முன்னால் அனுப்பு, ஷூட்டிங் முடிந்து அல்ல. கவிதா தன் குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கேட்கிறாள்.

உன்,
முரளி